மே மாத வட்டி ரூ.16,110: வங்கி கூட எடுத்துவிட்டதா?

3 ஜூன் 2024 · தொண்ணூறடி ரோடு

தாராவியில் ஸ்கூல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். 11 மெஷின். சீசன் பிப்ரவரியில் ஆரம்பித்து ஜூன் பாதியில் பள்ளி திறக்கிறவரை. வங்கியில் கேஷ் கிரெடிட், அதாவது வேண்டும்போது எடுத்து, பணம் வந்தபோது கட்டுகிற சிசி கடன். லிமிட் 24 லட்சம், வட்டி 10.95%.

மே மாதத்துக்கு ரூ.16,110 வட்டி போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் 30-ல் பாக்கி 12 லட்சம். மே 31-ல் 10 லட்சம். சராசரி 11 லட்சம் என்று வைத்தாலும் 31 நாளுக்கு ரூ.10,230தான் வருகிறது. ரூ.5,880 கூட. கிளையில் கேட்டால் "சிஸ்டம் போடுவது, நாங்கள் போடுவதில்லை" என்கிறார்கள். எழுத்தில் புகார் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

3 ஜூன் 2024 · மாட்டுங்கா தம்பி

அண்ணா, மாதத்தில் எது அதிகபட்ச பாக்கியோ அதற்குத்தான் வட்டி போடுவார்கள். அதனால் 10-ம் தேதிக்குள் பணம் கட்டிவிடுங்கள். பத்துக்கு அப்புறம் கட்டினால் அந்த மாதம் பிரயோஜனமில்லை. எங்கப்பா கடையில் எப்பவும் அப்படித்தான் செய்வார்.

3 ஜூன் 2024 · செம்பூர் ரிடையர்டு

10-ம் தேதி கணக்கு சேமிப்புக் கணக்குக்கு இருந்தது தம்பி, அதுவும் 2010 ஏப்ரலுக்கு முன்னால். 10-ம் தேதியிலிருந்து மாதக் கடைசிவரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்கு வங்கி நமக்கு வட்டி கொடுத்தது. உங்கப்பாவுக்கு அந்தப் பழக்கம் மனசில் நின்றிருக்கிறது. சிசிக்கு அது பொருந்தாது.

பை பட்டறைக்காரருக்கு: முதல் நாள், கடைசி நாள் இரண்டை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. ஒவ்வொரு நாளும் ராத்திரி கணக்கு முடிகிறபோது எவ்வளவு பாக்கி நிற்கிறதோ, அந்தத் தொகைக்கு அந்த ஒரு நாள் வட்டி. 31 நாளையும் கூட்டி மாதக் கடைசியில் பற்று வைப்பார்கள். நாங்கள் இதை 'புராடக்ட்' போடுவது என்போம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் லெட்ஜரில் பென்சிலால் போட்டிருக்கிறேன், ஒரு கணக்குக்கு ஒரு பக்கம் முழுக்க.

உங்கள் வட்டி விகிதம் ஒரு வசதியானது. 10.95-ஐ 365-ஆல் வகுத்தால் சரியாக 0.03. அதாவது ஒரு லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 30 ரூபாய். பாஸ்புக்கை எடுத்து, பாக்கி மாறிய தேதிகளை மட்டும் எழுதுங்கள். புகார் அப்புறம்.

4 ஜூன் 2024 · தொண்ணூறடி ரோடு

ராத்திரி பட்டறை மூடின பிறகு உட்கார்ந்து எழுதினேன். சம்சாரம் தேதி வாசிக்க நான் எழுத.

```
மே 1–5     12 லட்சம் × 5 நாள்  =  60
மே 6–13    17 லட்சம் × 8 நாள்  = 136
மே 14–24   21 லட்சம் × 11 நாள் = 231
மே 25–29   18 லட்சம் × 5 நாள்  =  90
மே 30–31   10 லட்சம் × 2 நாள்  =  20
                        மொத்தம்  537
537 × 30 = ரூ.16,110
```

ஒரு ரூபாய் பிசகாமல் வங்கிக் கணக்கு சரி. மே 6-ல் ரெக்சினுக்கும் ஜிப்புக்கும் 5 லட்சம் போனது. 14-ல் கூலியும் ஃபோமும் சேர்ந்து 4 லட்சம். அந்த 11 நாள் 21 லட்சத்தில் நின்றதுதான் மாத வட்டியில் பாதிக்குப் பக்கம். கடைசி இரண்டு நாள் 10 லட்சம் என்பதைப் பார்த்து நான் மாதம் முழுக்கவே அப்படித்தான் என்று எண்ணிவிட்டேன். கிளையில் அந்தப் பெண்ணிடம் குரலை உயர்த்திப் பேசினேன். நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

4 ஜூன் 2024 · செம்பூர் ரிடையர்டு

நல்லது. இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். மே 30-ல் ஒரே நாளில் 8 லட்சம் வரவு. டீலர் அன்றைக்குத்தான் கொடுத்தாரா?

4 ஜூன் 2024 · தொண்ணூறடி ரோடு

இல்லை. சோலாப்பூர் டீலர் மே 18-ல் அனுப்பினார். அது இன்னொரு வங்கியில் இருக்கிற என் பழைய கணக்கில் வந்து விழுந்தது. சீசனில் எங்கே நேரம்? 30-ம் தேதிதான் சிசிக்கு மாற்றினேன்.

எழுதும்போதே உறைக்கிறது. 18 முதல் 29 வரை 12 நாள். 8 × 12 × 30 = ரூ.2,880. என் பணம் ஒரு வங்கியில் தூங்க, இன்னொரு வங்கியில் அதே அளவு கடனுக்கு தினமும் 240 ரூபாய் கட்டியிருக்கிறேன். ஒரு டெய்லருக்கு மூணு நாலு நாள் கூலி அந்த 2,880.

4 ஜூன் 2024 · செம்பூர் ரிடையர்டு

டீலர்கள் எல்லாருக்கும் சிசி கணக்கு எண்ணையே பில்லில் அச்சடித்துக் கொடுங்கள். வட்டி மிச்சம் ஒரு பக்கம். புதுப்பிக்கும்போது அதிகாரி முதலில் பார்ப்பது, நீங்கள் காட்டிய விற்பனை இந்தக் கணக்கு வழியாக வந்ததா என்பதை. வருஷத்தில் ஒரு கோடி விற்பனை என்று எழுதிக் கொடுத்து வரவு 40 லட்சம்தான் என்றால், அவர் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

5 ஜூன் 2024 · முறுக்கு வீடு

அண்ணே, நாங்களும் தாராவிதான். தீபாவளிக்கு முறுக்கு, சக்லி, அதிரசம் போட்டு மொத்தமாகக் கொடுக்கிறோம். நான் ஆகஸ்டில் நகையை வைத்து 3 லட்சம் எடுப்பேன். தீபாவளி முடிந்து முழுசாகத் திருப்புவேன். பாதிப் பணம் செப்டம்பர்வரை பீரோவில்தான் இருக்கும், எண்ணெய் விலை பார்த்து வாங்குவதற்காக. நீங்கள் சொல்கிற மாதிரி எடுத்த அன்றைக்கு மட்டும் வட்டி என்றால், நகைக்கும் அப்படி உண்டா? இஎம்ஐ ஏறாதா?

5 ஜூன் 2024 · செம்பூர் ரிடையர்டு

இதில் இஎம்ஐயே கிடையாதும்மா. நீங்கள் எடுப்பது ஒரே தொகையாக வருகிற கடன். பீரோவில் இருக்கிற பாதிக்கும் வட்டி ஓடுகிறது. நகை ஈட்டின் பேரில் ஓவர்டிராஃப்ட் கொடுக்கிற வங்கிகள் இருக்கின்றன. அதில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. உங்கள் கிளையில் அந்தத் திட்டம் உண்டா என்று கேளுங்கள். விகிதம் கொஞ்சம் கூட இருந்தாலும் உங்களுக்குக் கட்டுப்படியாகலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

6 ஜூன் 2024 · மாட்டுங்கா தம்பி

சார், ஒரு சந்தேகம். இந்த வருஷம் லீப் வருஷம், 366 நாள். அப்போ 30 ரூபாய் வராதே?

6 ஜூன் 2024 · செம்பூர் ரிடையர்டு

சரியான கேள்வி. சில வங்கிகள் லீப் வருஷத்தில் 366-ஆல் வகுக்கும், சில எப்போதும் 365. இவருடைய வங்கி 365 வைத்திருக்கிறது என்பது 16,110-லிருந்தே தெரிகிறது. அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்தால் அதுதான் முடிவு. எழுதாவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் என் பழைய நண்பருக்கும் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது.

12 ஜூலை 2024 · தொண்ணூறடி ரோடு

திரும்ப வந்திருக்கிறேன். இந்தத் தடவை கணக்குப் பிழை இல்லை, நிஜமாகவே சிக்கல்.

ஜூலை 3-ல் மஸ்ஜித் பந்தர் ரெக்சின் கடைக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. 90 ஆயிரம்தான். அந்தக் கடைக்காரர் 14 வருஷமாக எனக்குக் கடன் சரக்கு கொடுப்பவர். போன் பண்ணி, "சேட், தப்பு நடந்துவிட்டது" என்றபோது வாய் குழறியது. மறுநாள் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை.

நடந்தது இது. என் லிமிட் வருஷம் முழுக்க 24 லட்சம் என்று நினைத்திருந்தேன். அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: பிப்ரவரி 1 முதல் ஜூன் 30 வரை சீசன் லிமிட் 24 லட்சம், ஜூலை 1 முதல் 10 லட்சம். ஜூன் 30-ல் என் பாக்கி 14.6 லட்சம். விடிந்ததும் 4.6 லட்சம் லிமிட்டுக்கு மேலே நிற்கிறேன். ஒரு ரூபாய்கூட நான் புதிதாக எடுக்கவில்லை.

வரவேண்டியது இல்லாமல் இல்லை. டீலர்களிடம் 16 லட்சம் நிற்கிறது. 45 நாள், 60 நாள் தவணை.

12 ஜூலை 2024 · மாட்டுங்கா தம்பி

அநியாயம் அண்ணா. வரவேண்டியது 16 லட்சம் இருக்கிறதே, அதைக் காட்டி லிமிட்டைத் திரும்ப 24 ஆக்கச் சொல்லுங்கள். கடனாளிகள் பட்டியல் கொடுத்தால் அந்த அளவுக்கு எடுக்கலாம், இது விதி.

13 ஜூலை 2024 · செம்பூர் ரிடையர்டு

தம்பி பாதி சரி. பட்டியல் கணக்கில் வரும், ஆனால் முழுசாக வராது. டிபி, அதாவது எவ்வளவு எடுக்கலாம் என்கிற வரம்பு, மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்டிலிருந்துதான் வருகிறது. லிமிட், டிபி இரண்டில் எது குறைவோ அதுவரைதான் எடுக்க முடியும். அண்ணாச்சி, மே ஸ்டேட்மென்டும் ஜூன் ஸ்டேட்மென்டும் இருந்தால் எண்களைப் போடுங்கள்.

13 ஜூலை 2024 · தொண்ணூறடி ரோடு

மே நடுவில் கொடுத்தது: சரக்கு 30 லட்சம், நான் கடைகளுக்குக் கொடுக்க வேண்டியது 4 லட்சம், டீலர் பாக்கி 5 லட்சம்.

ஜூன் கடைசி: சரக்கு 3 லட்சம், கொடுக்க வேண்டியது 1 லட்சம், டீலர் பாக்கி 16 லட்சம்.

கடிதத்தில் மார்ஜின் சரக்குக்கு 25%, டீலர் பாக்கிக்கு 40%. 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கி சேராது.

13 ஜூலை 2024 · செம்பூர் ரிடையர்டு

மே மாதம்: 30-ல் 4 போக 26. அதில் முக்கால் பங்கு 19.5. டீலர் பாக்கி 5-ல் அறுபது சதவீதம் 3. மொத்தம் 22.5 லட்சம். நீங்கள் 21 எடுத்தீர்கள், இடம் இருந்தது.

ஜூன் கடைசி: 3-ல் 1 போக 2. முக்கால் பங்கு 1.5. டீலர் பாக்கி 16-ல் 9.6. மொத்தம் 11.1 லட்சம்.

பாருங்கள், லிமிட் 24 ஆகவே இருந்திருந்தாலும் டிபி 11.1-ல் வந்து நின்றிருக்கும். 14.6 அப்போதும் 3.5 லட்சம் மேலேதான். பையாக இருந்தபோது வங்கி முக்கால் மதிப்புக் கொடுத்தது. அதே பை விற்று டீலர் பாக்கியான உடனே அறுபது சதவீதம் ஆகிவிட்டது. சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை. சீசன் தொழிலில் கழுத்தைப் பிடிக்கிற இடம் இந்த இடைப்பட்ட ஆறு வாரம். சரக்கு குவிகிற மாதத்தைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள், வசூலாகிற மாதத்தை யாரும் யோசிப்பதில்லை. அனுமதி கொடுத்த அதிகாரியும் பள்ளி திறந்தால் சீசன் முடிந்தது என்று எழுதியிருப்பார்.

இப்போதைக்குப் பயம் வேண்டாம், ஆனால் நாளை எண்ணுங்கள். தொடர்ந்து 30 நாளுக்கு மேல் வரம்பைத் தாண்டி நின்றால் கணக்கு எஸ்எம்ஏ-1 என்று குறிக்கப்படும், வாராக்கடன் ஆகலாம் என்கிற எச்சரிக்கைக் குறி அது. 60 தாண்டினால் எஸ்எம்ஏ-2. 90 தாண்டினால் வாராக்கடன். ஜூலை 30-க்குள் ஒரு நாளாவது ராத்திரிக் கணக்கு 10 லட்சத்துக்குள் வர வேண்டும். யாரிடம் அதிகம் நிற்கிறது?

13 ஜூலை 2024 · தொண்ணூறடி ரோடு

நாக்பூர் டீலர், 7 லட்சம். விதர்பாவில் வெயிலால் பள்ளி மற்ற இடங்களைவிட இரண்டு வாரம் தள்ளித்தான் திறக்கும். அவர் கடையில் கூட்டமே ஜூன் கடைசியில்தான். அவரைக் குறை சொல்ல முடியாது.

14 ஜூலை 2024 · முறுக்கு வீடு

அண்ணே, நாங்கள் கடைக்காரர்களுக்குத் தீபாவளிக்கு முன்னால் கொடுத்தால் 2% தள்ளுபடி என்று சொல்லிவிடுவோம். கொஞ்சம் பேர் கொடுப்பார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

14 ஜூலை 2024 · தொண்ணூறடி ரோடு

தங்கச்சி, கணக்குப் போட்டேன். 7 லட்சத்துக்கு 2% என்றால் 14 ஆயிரம். அதே 7 லட்சம் 20 நாள் தாமதமானால் சிசி வட்டி 7 × 20 × 30 = ரூ.4,200. வட்டியை மட்டும் பார்த்தால் தள்ளுபடி நஷ்டம். ஆனால் செக் திரும்பினதற்கு என்ன விலை போடுவது? அரை சதவீதம் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

30 ஜூலை 2024 · தொண்ணூறடி ரோடு

15-ம் தேதி நாசிக்கிலிருந்து 2 லட்சம் வந்தது. நேற்று நாக்பூரிலிருந்து 4.6. பாக்கி 8 லட்சம். 28 நாள் மேலே நின்றேன். இன்னும் மூணு நாள் போயிருந்தால் எஸ்எம்ஏ-1.

அபராதம் வருஷத்துக்கு 2% என்ற கணக்கில் 552 ரூபாய். 4.6 லட்சம் 14 நாள், 2.6 லட்சம் 14 நாள், நானே போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. செக் திரும்பியதற்குத் தனிக் கட்டணம்.

சார், இந்த 552 ரூபாய்க்கு அடுத்த மாதம் வட்டி மேல் வட்டி ஏறுமா?

30 ஜூலை 2024 · செம்பூர் ரிடையர்டு

ஏறக்கூடாது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொன்னது: அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் வைக்க வேண்டும், அதன் மேல் வட்டி போடக் கூடாது. ஆனால் சாதாரண மாத வட்டி பாக்கியோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஓடும், அது வேறு. மே 31-ல் வைத்த 16,110 ஜூன் 1 முதல் உங்கள் கடன்தான்.

ஒன்று செய்யுங்கள். போன இரண்டு வருஷ பாஸ்புக்கை வைத்து, மாதாமாதம் எவ்வளவு வசூல் வந்தது என்று ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சீசன் லிமிட்டை ஆகஸ்ட் வரை நீட்டச் சொல்லிக் கேளுங்கள். 24 அப்படியே வேண்டாம், ஜூலையில் 16, ஆகஸ்டில் 12 என்று படிப்படியாக. டீலர் பாக்கி மார்ஜினையும் 30% ஆக்க முடியுமா என்று கேளுங்கள். முதலாவது கிடைக்கும். இரண்டாவது அதிகாரியைப் பொறுத்தது.

31 ஜூலை 2024 · மாட்டுங்கா தம்பி

எதுக்குத் தலைவலி? வருஷம் முழுக்க 24 லட்சம் லிமிட் கேளுங்கள். எடுக்காவிட்டால் வட்டி இல்லைதானே?

31 ஜூலை 2024 · செம்பூர் ரிடையர்டு

வட்டி இல்லை. ஆனால் எடுக்காத பகுதிக்குக் கட்டணம் போடுகிற வங்கிகள் உண்டு. அது இல்லாவிட்டாலும் டிபி அவரை 11-ல் நிறுத்தும். இருந்தாலும் உங்கள் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. நாக்பூர் மாதிரித் தாமதமான ஆர்டர் வந்தால் தேதி போட்ட லிமிட் கையைக் கட்டிப்போடும். நான் வேலையில் இருந்தபோது இதில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன்.

6 ஏப்ரல் 2025 · தொண்ணூறடி ரோடு

வருஷக் கணக்கு முடித்தேன். ஏப்ரல் முதல் மார்ச் வரை லட்ச-நாள் மொத்தம் 2,844. முப்பதால் பெருக்கினால் ரூ.85,320. சராசரியாக 7.8 லட்சம்தான் கையாண்டிருக்கிறேன். உச்சத்தில் எடுத்த 21 லட்சத்தை வருஷம் முழுக்கக் கடனாக வைத்திருந்தால் ரூ.2,29,950 ஆகியிருக்கும்.

ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. புதுப்பிக்கும் கட்டணம், ஸ்டாக் இன்சூரன்ஸ், ஆய்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 12 ஆயிரம். அவை 24 லட்சத்தைப் பார்த்துப் போடுகிறவை. நான் உபயோகித்தது 7.8 லட்சம். அதையும் சேர்த்தால் என் உண்மையான வட்டி பன்னிரண்டரை சதவீதத்தில் வருகிறது. அடுத்த தடவை யாராவது 'பதினொன்றுதான்' என்றால் இதைக் கேட்பேன்.

லிமிட் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஜூன் 30 வரை 24, ஜூலை 16, ஆகஸ்ட் 12. மார்ஜின் 40%தான், அதில் அசையவில்லை. நான் குரல் உயர்த்திய அந்தப் பெண்தான் தாளை மேலே அனுப்பிவைத்தவர்.

6 ஏப்ரல் 2025 · முறுக்கு வீடு

நான் நகை ஓவர்டிராஃப்ட் எடுத்துவிட்டேன் அண்ணே. பீரோவில் பணம் வைப்பதில்லை. எண்ணெய் வாங்குகிற அன்றைக்குக் காலையில்தான் எடுக்கிறேன்.

8 ஜூலை 2025 · தொண்ணூறடி ரோடு

ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூணு தடவை குறைந்து 6.50-லிருந்து 5.50 ஆகிவிட்டது. அதையொட்டி என் வட்டி எப்போது குறைந்தது என்று பார்த்தேன். என் கணக்கில் மூணு மாதத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் 1, ஜூலை 1 என்றுதான் மாற்றுகிறார்கள். ஏப்ரல் 1-ல் 10.70. லட்சத்துக்கு 29 ரூபாய் 32 காசு. ஏப்ரல் 9-ல் குறைந்ததும் ஜூன் 6-ல் குறைந்ததும் ஜூலை 1 அன்றுதான் எனக்கு வந்து 9.95 ஆனது, 27 ரூபாய் 26 காசு. நான் 20, 21 லட்சத்தில் நிற்கிற மாதங்கள் பழைய விகிதத்தில் ஓடி முடிந்துவிட்டன. சார், மாற்றுகிற தேதியை நம் சீசனுக்குத் தகுந்த மாதிரி கேட்டு வாங்க முடியுமா?

9 ஜூலை 2025 · செம்பூர் ரிடையர்டு

மூணு மாதத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும் என்பதுதான் விதி. அதைவிடச் சீக்கிரம் மாற்றுகிற வங்கிகள் இருக்கின்றன. ஆனால் ஒரு கடன்காரருக்காகத் தேதியை மாற்றி நான் பார்த்ததில்லை. விகிதம் ஏறுகிற வருஷத்தில் இதே தாமதம் உங்கள் பக்கம் வேலை செய்யும் என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாக்பூர் பணம் வந்ததா?

9 ஜூலை 2025 · தொண்ணூறடி ரோடு

இன்னும் வரவில்லை. பாக்கி 13.2, லிமிட் 16. ஆனால் புது ஸ்டேட்மென்டில் டிபி 13.8தான். 60 ஆயிரம்தான் இடம். வர சனிக்கிழமை கூலி 55 ஆயிரம். ரெக்சின் கடைக்கு இந்த வாரம் செக் எழுதவில்லை, அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.